சரக்கு எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

கேள்வி: ஐயா, சின்னதாக ஒரு விசைத்தறிக் கூடம் வைத்திருக்கிறேன். வெளியூர்த் தையல் கம்பெனி ஒன்று 150 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 150 கிராம் எடையுள்ள, காடா துணி 12,000 மீட்டர் கேட்டது. மீட்டர் 60 ரூபாய், மூன்று லோடு, லோடுக்கு ஒரு பில், 30 நாள் கடன் என்று ஆர்டர் எழுதிக் கொடுத்தார்கள். முதல் லோடு 4,000 மீட்டர் போய் 26-ஆம் நாள் கம்பெனி முதலாளி போன் செய்து "ஜி.எஸ்.எம். 141-தான் வருகிறது, அடுத்ததையாவது ஒழுங்காக அனுப்புங்கள்" என்றார். அதற்குள் 1,500 மீட்டரை வெட்டித் தைத்துவிட்டார்கள். நான் இரண்டாவது லோடை லாரி சர்வீஸில் போட்டேன். அதற்குப் பிறகு முதல் லோடுக்கான செக் பணம் இல்லை என்று திரும்பி வந்து இன்றோடு மூன்று நாள். கேட்டால், "நீங்கள்தான் தரம் குறைத்தீர்கள், ஒப்பந்தமே முறிந்தது, முதல் லோடுக்குப் பணம் கிடையாது, மூன்றாவது லோடை அனுப்பாவிட்டால் நஷ்டஈடு கேட்பேன்" என்கிறார். அவருக்கு நூல் கொடுத்தவருக்கும் இரண்டு மாதமாகப் பணம் போகவில்லையாம். இரண்டாவது லோடு அவர் ஊரில் லாரி சர்வீஸ் குடோனில் இன்னும் எடுக்காமல் கிடக்கிறது. மூன்றாவது என் குடோனில், அவர் பெயர் எழுதிப் பேல் கட்டியபடி இருக்கிறது. நான் என்ன செய்யலாம்?

பதில்: வணக்கம். மற்ற எதையும் படிக்கும் முன் லாரி சர்வீஸுக்கு ஒரு கடிதம் இன்றைக்கே போக வேண்டும். ஏன் என்று பின்னால் விளக்குகிறேன், எல்.ஆர். என்ற லாரி ரசீதைப் பார்த்து எழுத வேண்டியது இவ்வளவுதான்: "இந்த எல்.ஆர். எண்ணில், இந்தத் தேதியில், இத்தனை பேல் துணி நாங்கள் அனுப்பியது. வாங்கியவர் பணம் கட்டவில்லை, கடன்களைக் கட்ட முடியாத நிலையில் இருக்கிறார். பணம் பெறாத விற்பனையாளர் என்ற முறையில் சரக்கை வழியில் நிறுத்துகிறோம். அவருக்கு டெலிவரி கொடுக்காமல் எங்களுக்கே திருப்பி அனுப்பவும். திரும்பி வரும் வாடகையை நாங்கள் கட்டுகிறோம்." சரக்கு இப்போது கிடக்கும் கிளைக்கும், நீங்கள் புக் செய்த கிளைக்கும், தலைமை அலுவலகத்துக்கும் மூன்று இடத்துக்கும் போகட்டும். மின்னஞ்சல், வாட்ஸ்அப், ஸ்பீடு போஸ்ட் எல்லாம் சேர்த்தே அனுப்புங்கள். கூடவே அந்தக் கிளை மேலாளரைப் போனில் பிடித்து "பேல் இன்னும் இருக்கிறதா, யாராவது வந்து கேட்டார்களா" என்று விசாரியுங்கள். என்னிடம் வந்த ஒருவர் முன்பு தலைமை அலுவலகத்துக்கு மட்டும் அருமையான நோட்டீஸ் அனுப்பினார். அது மேசை மாறி மேசை போய்க் கிளையை எட்டுவதற்குள், மறுநாள் காலையிலேயே சரக்கு டெலிவரி ஆகிவிட்டது. முதலாளிக்கு நோட்டீஸ் கொடுத்தால், சரக்கைக் கையில் வைத்திருக்கும் ஊழியருக்கு அவர் சொல்லி நிறுத்தும் அளவுக்கு நேரம் இருக்கும்படி கொடுக்க வேண்டும் என்று 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவே சொல்கிறது.

சரி, அனுப்பிவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

உங்கள் பிரச்சினையில் இரண்டு பேரும் ஒரே தவறைச் செய்யும் இடத்தில் நிற்கிறீர்கள். அவர் "ஜி.எஸ்.எம். குறைந்தது, ஒப்பந்தம் முறிந்தது" என்கிறார். நீங்கள் கேள்வியில் எழுதவில்லை, ஆனால் உங்கள் நிலையில் இருப்பவர்கள் எல்லாருமே "30-ஆம் நாள் பணம் வரவில்லை, ஒப்பந்தம் முடிந்தது, இனி என் சரக்கை நான் யாருக்கும் விற்பேன்" என்றுதான் நினைப்பார்கள். சட்டப்படி இரண்டுமே தப்பு. ஒப்பந்தத்தில் எழுதிய ஒரு வார்த்தை மீறப்பட்டால் ஒப்பந்தத்தையே தூக்கி எறியலாமா, அல்லது ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு நஷ்டத்தை மட்டும் கேட்கலாமா என்பது அந்த வார்த்தை நிபந்தனையா உத்தரவாதமா என்பதைப் பொறுத்தது. அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு இதைத்தான் பிரிக்கிறது. ஒப்பந்தத்தின் அடிப்படை நோக்கத்துக்கே உயிராக இருப்பது நிபந்தனை, அது மீறப்பட்டால் சரக்கே வேண்டாம் என்று தள்ளலாம். பக்கத்தில் சேர்ந்து நிற்கும் உறுதிமொழி உத்தரவாதம், அது மீறப்பட்டால் நஷ்டஈடு உண்டு, சரக்கைத் தள்ள முடியாது. மிக்ஸி வாங்கும்போது வரும் வாரண்டி கார்டை மனதில் வைத்து இதைப் படிக்காதீர்கள். ஆர்டரில் நீங்கள் "உத்தரவாதம்" என்று எழுதியிருந்தாலும், சாராம்சத்தில் அது நிபந்தனையாக இருந்தால் கோர்ட் அதை நிபந்தனை என்றே எடுத்துக்கொள்ளும். பெயர் முக்கியமில்லை.

இப்போது 150 ஜி.எஸ்.எம். என்பது எது? உங்களுக்குப் பிடிக்காத பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அது நிபந்தனை. ஆர்டரில் சரக்கின் அடையாளமாகவே "150 ஜி.எஸ்.எம். காடா" என்று எழுதியிருக்கிறது. விவரத்தைச் சொல்லி விற்ற சரக்கு அந்த விவரத்துக்குப் பொருந்த வேண்டும் என்பது, எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்தில் இருப்பதாகக் கொள்ளப்படும் நிபந்தனை, 15-ஆம் பிரிவு. இதில் கோர்ட்டுகள் எவ்வளவு கறாராக இருக்கும் என்பதற்கு 1933-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த ஒரு வழக்கு இருக்கிறது, நம் சட்டமும் இங்கிலாந்துச் சட்டத்தின் வார்ப்பில் வந்ததுதான் என்பதால் இங்கேயும் அதைக் காட்டி வாதாடுவார்கள். சிமென்ட் பீப்பாய் செய்ய அரை அங்குலக் கனத்தில் மரப் பலகை கேட்டார்கள். வந்ததில் பெரும்பகுதி அதற்குக் கொஞ்சம் கூடுதல் கனம். பீப்பாய் செய்ய எந்தக் குறையும் இல்லை. மரத்தின் சந்தை விலை இறங்கியிருந்ததால்தான் வாங்கியவர் தப்பிக்கப் பார்த்தார். அப்படியும் சரக்கைத் தள்ள அவருக்கு உரிமை உண்டு என்றே தீர்ப்பு வந்தது. அரை அங்குலம் என்றால் சுமார் அரை அங்குலம் இல்லை, சுமார் என்று வேண்டுமானால் அதை எழுதிக்கொள்ள வேண்டும். உங்கள் ஆர்டரில் மூன்று சதவீதமோ ஐந்து சதவீதமோ கூடலாம் குறையலாம் என்று ஒரு வரி இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். இருந்தாலும் 150-க்கு 141 என்பது ஆறு சதவீதக் குறைவு.

அப்படியானால் அவர் சொல்வது சரிதானே என்று கேட்பீர்கள். அந்த 141 உண்மையா என்பதைப் பிறகு பார்ப்போம், உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் அவர் சொல்வது சரியில்லை. காரணம், அவர் துணியை வெட்டிவிட்டார்.

நிபந்தனை மீறப்பட்டால் சரக்கைத் தள்ளும் உரிமை என்பது சரக்கை ஏற்றுக்கொள்ளும் வரைக்கும்தான். ஏற்றுக்கொண்டுவிட்டால், அதிலே ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டாலும், அந்த நிபந்தனை உத்தரவாதமாக இறங்கிவிடுகிறது, நஷ்டஈடு மட்டும்தான் மிச்சம். இது 13-ஆம் பிரிவு. ஏற்றுக்கொண்டேன் என்று வாயால் சொல்ல வேண்டியதில்லை. விற்றவருக்கே இன்னும் சொந்தம் என்று நினைப்பவர் செய்யாத ஒரு காரியத்தைச் சரக்கில் செய்தால் போதும், அல்லது நியாயமான காலம் கடந்தும் வேண்டாம் என்று சொல்லாமல் வைத்திருந்தால் போதும் என்கிறது 42-ஆம் பிரிவு. கத்தரி போட்டு 1,500 மீட்டரை வெட்டித் தைப்பது முதல் வகை. 26 நாள் பேசாமல் இருந்தது இரண்டாவது வகை. ஜி.எஸ்.எம். பார்க்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? தையல் கம்பெனிகளில் பெரும்பாலும் வட்டமாக வெட்டும் ஜி.எஸ்.எம். கட்டர் இருக்கும். துணியை அதன் அடியில் வைத்து அழுத்தித் திருகினால் சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் ஒன்று வந்து விழும். அதைச் சின்னத் தராசில் போட்டு வரும் கிராமை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். 1.41 கிராம் என்றால் 141. ரோலைப் பிரித்த அன்றைக்கே ஐந்து நிமிடத்தில் முடிகிற சோதனை இது. உள்ளே ஒளிந்திருந்து பின்னால் தெரிகிற குறை என்று அவரால் வாதாட முடியாது.

வெட்டாத 2,500 மீட்டர் மிச்சம் இருக்கிறதே, அதையாவது தள்ளுவேன் என்பார். ஒரே லோடு, ஒரே பில், பிரிக்க முடியாத ஒரே விற்பனை, அதில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டவர் முழுதையும் ஏற்றுக்கொண்டவர்தான்.

ஆக அவருக்கு மிச்சம் இருப்பது 59-ஆம் பிரிவு: விலையில் குறைத்துக்கொள்ளும் உரிமை. வரியை விட்டுவிட்டு ஒரு கணக்குப் போடுகிறேன். 150 ஜி.எஸ்.எம். 60 ரூபாய்க்குப் போகும்போது 141 ஜி.எஸ்.எம். சந்தையில் 56 ரூபாய்க்குப் போகும் என்று வைத்துக்கொள்வோம், உங்களுக்குத்தான் சரியான விலை தெரியும். மீட்டருக்கு 4 ரூபாய், 4,000 மீட்டருக்கு 16,000. முதல் லோடு பில் 2,40,000, அதில் 16,000 கழித்தால் 2,24,000. அவர் தர வேண்டியது இது. பணமே கிடையாது என்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். இதற்கு மேல், அந்தத் துணியில் தைத்த ஆடையை அவருடைய வாடிக்கையாளர் திருப்பி அனுப்பினார், அதனால் இன்ன நஷ்டம் என்று அவர் காட்டினால் அதையும் கேட்க வழி உண்டு, ஆனால் அதற்கு ஆதாரம் வேண்டும், ஒப்பந்தம் போடும்போதே அப்படி ஒரு நஷ்டம் வரும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. அவர் அப்படி ஒரு கடிதம் அனுப்பினால் பதில் போடாமல் விட்டுவிடாதீர்கள்.

அந்த 141 எங்கே அளந்தது என்றும் கேளுங்கள். தறியிலிருந்து இறங்கிய காடாவில் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி இருக்கும். அலசினால் கஞ்சி போய் எடை குறையும், அதே சமயம் துணி சுருங்கினால் ஜி.எஸ்.எம். கூடவும் செய்யும். ப்ளீச்சிங் ஆன பிறகு அளந்த எண்ணைக் காடாவுக்குப் பேசிய எண்ணோடு ஒப்பிட முடியாது. பருத்தி ஈரத்தையும் இழுக்கும், அதனால் மழை நாளில் ஒரு எடை, வெயில் நாளில் ஒரு எடை. வெட்டாமல் மிச்சம் இருக்கும் ரோலிலிருந்து இரண்டு பேர் முன்னாலும் துண்டு எடுத்து, ஒரு ஜவுளிச் சோதனைக் கூடத்தில், ஈரப்பதத்தைச் சீராக்கிய பிறகு அளக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். அவர் மறுத்தால் அந்த மறுப்பே உங்களுக்கு ஒரு சாட்சி. 141 என்றே வந்தால் அந்த 16,000-ஐ மனதார ஒத்துக்கொள்ளுங்கள். துணி குறைந்திருக்கிறது, அதற்குரிய பணம் அவருக்குச் சேர வேண்டியதுதான். அதை நீங்களே முதலில் எழுதிக் கொடுத்தால் மீதி 2,24,000-ஐக் கேட்கும்போது உங்கள் குரலுக்கு எடை கூடும்.

அப்புறம் உங்கள் பக்கம். பணம் கட்டும் தேதி நிபந்தனையா? ஒப்பந்தத்தில் வேறு எண்ணம் தெரியாத வரை, பணம் கட்ட வேண்டிய நேரம் ஒப்பந்தத்தின் உயிர் இல்லை என்கிறது 11-ஆம் பிரிவு. வியாபாரிகளுக்கு இதை நம்பவே கஷ்டமாக இருக்கும். 30-ஆம் நாள் வர வேண்டிய பணம் 35-ஆம் நாள் வரவில்லை என்பதற்காக மட்டும் 12,000 மீட்டர் ஆர்டரையும் நீங்கள் ரத்து செய்ய முடியாது. லோடுக்கு லோடு தனிப் பில், தனிப் பணம் என்று இருக்கும்போது, ஒரு லோடில் நடந்த தவறு முழு ஒப்பந்தத்தையும் கைவிட்டதாக ஆகுமா என்பது ஒவ்வொரு வழக்கின் சூழ்நிலையைப் பொறுத்தது, 38-ஆம் பிரிவு. அவசரப்பட்டு "ஒப்பந்தம் ரத்து" என்று நீங்கள் ஒரு கடிதம் அனுப்பிவிட்டால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் ஆகிவிடும் அபாயம் இருக்கிறது. அப்படி ஒன்றும் அனுப்பாதீர்கள். பணம் பெறாத விற்பனையாளருக்குச் சட்டம் வேறு வழி கொடுத்திருக்கிறது. ஒப்பந்தம் அப்படியே உயிரோடு இருக்கும், சரக்கை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளலாம். செக் கொடுத்தவர் பணம் கொடுத்தவர் ஆகிவிட மாட்டார், செக் திரும்பிய நொடியில் முதல் லோடுக்கு நீங்கள் பணம் பெறாத விற்பனையாளர்தான்.

அந்தப் பிடி எது என்பது சரக்கு நிற்கும் இடத்தைப் பொறுத்தது. முதல் லோடு அவர் கைக்குப் போய்விட்டது, அதில் உங்களுக்கு எந்தப் பிடியும் இல்லை. அவர் கம்பெனிக்கு ஆள் அனுப்பி மிச்ச ரோலைத் தூக்கி வரலாமா என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அந்தத் துணி இப்போது அவருடையது. அதற்குப் பணம் கேட்டு வழக்குப் போடலாம், அவ்வளவுதான்.

இரண்டாவது லோடுக்கு வருவோம். லாரி சர்வீஸிடம் சரக்கைக் கொடுத்த அன்றே அது உங்கள் கையை விட்டுப் போய்விட்டது, எல்.ஆரை அவர் பெயருக்கே போட்டிருந்தால் சரக்கின் உரிமையும் அவருக்குப் போயிருக்கும். உங்கள் பெயருக்கே, 'செல்ஃப்' என்று போட்டிருந்தால் கதை வேறு, சரக்கை யாருக்குக் கொடுப்பது என்ற உரிமையை நீங்கள் கையில் வைத்திருக்கிறீர்கள் என்று பொருள், இவ்வளவு பேச்சுக்கே வேலை இல்லை. எல்.ஆர். எப்படிப் போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, அவர் பெயருக்கு என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படி இருந்தும், வாங்கியவர் நொடித்துவிட்டால், சரக்கு வழியில் இருக்கும் வரை அதை நிறுத்தித் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு, 50-ஆம் பிரிவு.

இங்கே நொடித்தவர் என்ற சொல்லில்தான் பலர் விழுகிறார்கள். கோர்ட் அவரைத் திவால் என்று அறிவித்திருக்க வேண்டியதில்லை. வழக்கமான வியாபார ஓட்டத்தில் கடன்களைக் கட்டுவதை நிறுத்தியிருந்தாலும், கெடு வந்த கடனைக் கட்ட முடியாமல் இருந்தாலும் போதும், 2-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் கட்ட முடியாதது வேறு, தகராறு இருப்பதால் கட்ட மறுப்பது வேறு. உங்கள் செக் "பணம் தருவதை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்" என்று திரும்பியிருந்தால், தரத்தில் தகராறு இருந்தது, அதனால் நிறுத்தினேன், என்னிடம் பணம் இருக்கிறது என்று அவர் சொல்லிவிடுவார். அப்போது நீங்கள் சரக்கை நிறுத்தியது தவறாகி, டெலிவரி கொடுக்காததற்கான நஷ்டஈடு உங்கள் தலையில் வரும். உங்களுடையது பணம் இல்லை என்றே திரும்பியது, அத்தோடு நூல்காரருக்கும் இரண்டு மாதப் பாக்கி. இது நல்ல ஆதாரம். அந்த நூல்காரரிடம் பாக்கி விவரத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், முடிந்தால் வேறு ஒருவரிடமும். வங்கி கொடுத்த ரிட்டர்ன் மெமோவைப் பத்திரமாக வையுங்கள்.

சரக்கு இன்னும் வழியில்தான் இருக்கிறதா என்பது அடுத்தது. அவர் ஊர் குடோனுக்கு வந்து சேர்ந்ததால் மட்டும் பயணம் முடிந்துவிடாது. அவரோ அவருடைய ஆளோ எடுக்கும் வரை அது வழியில்தான் இருக்கிறது. ஆனால் லாரி சர்வீஸ்காரர் அவரிடம் "இனி உங்களுக்காக நாங்கள் வைத்திருக்கிறோம்" என்று ஒத்துக்கொண்டுவிட்டால், குடோனில் அசையாமல் கிடந்தாலும் பயணம் முடிந்தது, உங்கள் உரிமையும் போனது. அதனால்தான் கிளை மேலாளரிடம் பேசச் சொன்னேன். துணி வாங்கியவர் எல்.ஆரை, விலை கொடுத்து நல்லெண்ணத்தோடு வாங்கிய மூன்றாவது ஆளுக்குக் கைமாற்றியிருந்தாலும் சிக்கல்தான். லாரி சர்வீஸுக்குச் சேர வேண்டிய வாடகையை நீங்கள் கட்டித்தான் எடுக்க வேண்டும், திரும்பி வரும் செலவும் உங்களுடையது. திரும்பும் பயணத்துக்கு இ-வே பில் போட வேண்டும் என்று கணக்குப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது லோடு உங்கள் குடோனில் இருக்கிறது, பேலில் அவர் பெயரை எழுதியதால் உங்கள் பிடி போய்விடாது. கடனுக்கு விற்ற சரக்கைக் கெடு முடியும் முன் பணம் கேட்டுப் பிடித்து வைக்க முடியாது, ஆனால் வாங்கியவர் நொடித்துவிட்டால் முடியும், 47-ஆம் பிரிவு. அதாவது 30 நாள் கடன் என்று எழுதியிருந்தாலும், இனி ரொக்கம் வைத்தால்தான் சரக்கு என்று சொல்ல உங்களுக்கு உரிமை வந்துவிட்டது. இங்கே ஒரு எல்லை இருக்கிறது, வியாபாரத்தில் தினமும் இதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பிடி அந்தந்தச் சரக்கின் விலைக்கு மட்டும்தான். "பழைய பாக்கியையும் சேர்த்துக் கட்டினால்தான் புதுச் சரக்கு" என்று நீங்கள் சொல்ல முடியாது, அப்படி ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஒழிய. அவர் நாளைக்கே மூன்றாவது லோடுக்கு 2,40,000 ரொக்கமாகக் கொண்டுவந்து வைத்தால், முதல் லோடுப் பாக்கி அப்படியே இருந்தாலும், மூன்றாவதைக் கொடுத்தாக வேண்டும். எனவே அவர் மிரட்டலுக்குப் பதிலாக இப்படி எழுதுங்கள்: மூன்றாவது லோடு தயாராக இருக்கிறது, 2,40,000 கட்டிவிட்டு எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திரும்பி வரும் இரண்டாவது லோடும் அதே போல. இந்தக் கடிதம் கையில் இருந்தால் டெலிவரி தர மறுத்தீர்கள் என்று அவரால் சொல்ல முடியாது. அனுப்பும் முன் அந்தப் பேல்களிலிருந்தும் துண்டு வெட்டி ஜி.எஸ்.எம். ரிப்போர்ட் எடுத்து வையுங்கள். முதல் லோடை ஏற்றுக்கொண்டதால் மற்ற லோடுகளைச் சோதித்துத் தள்ளும் உரிமை அவருக்குப் போய்விடவில்லை, அவற்றிலும் குறை இருந்தால் இதுவரை சொன்ன பலம் பாதியாகிவிடும்.

இதே கடிதத்திலோ அடுத்ததிலோ இன்னொரு வரியும் வேண்டும்: இந்தத் தேதிக்குள் பணம் கட்டாவிட்டால் 8,000 மீட்டரையும் வேறு ஒருவருக்கு விற்றுவிடுவோம். துணி அழுகும் சரக்கு இல்லை, அதனால் நோட்டீஸ் கட்டாயம், 54-ஆம் பிரிவு. எத்தனை நாள் என்று சட்டம் சொல்லவில்லை, நியாயமான காலம் என்கிறது. பத்து நாள் கொடுங்கள். அது கழிந்ததும் இழுத்தடிக்காமல், இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டு, கேட்டதற்கு எழுத்து ஆதாரம் வைத்து விற்றுவிடுங்கள். மீட்டருக்கு 55 கிடைத்தால் 5 ரூபாய் நஷ்டம், 8,000 மீட்டருக்கு 40,000. அதை அவரிடம் கேட்கலாம், திரும்பி வந்த லாரி வாடகையையும் ரசீது வைத்துச் சேர்க்கலாம். 63-க்குப் போனால் லாபம் உங்களுடையது, அவருக்குத் தர வேண்டியதில்லை. நோட்டீஸ் இல்லாமல் விற்றால் இது அப்படியே தலைகீழாகும்: நஷ்டம் வந்தால் கேட்க முடியாது, லாபம் வந்தால் அவருக்குச் சேரும். புதிதாக வாங்கியவருக்கு எந்தப் பாதிப்பும் இல்லை, அவருக்குச் சரக்கு சுத்தமாகச் சொந்தம். ஒரே ஒரு தபால் செலவில் 40,000 ரூபாய் உரிமை நிற்கிறது.

முதல் லோடுப் பணத்துக்கு இரண்டு கெடுக்களைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். செக் திரும்பியதை வங்கி சொன்ன நாளிலிருந்து 30 நாளுக்குள் பணம் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும், அது கிடைத்து 15 நாளில் கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் செக் வழக்கு. மூன்று நாள் போய்விட்டது, இந்த வாரமே ஒரு வக்கீலிடம் கொடுங்கள், 16,000 ரூபாய்க் குறைவை அந்த நோட்டீஸில் எப்படிச் சொல்வது என்பதை அவர் பார்த்து எழுதட்டும். பணத்துக்கான சிவில் வழக்குக்கு, 30 நாள் கடன் முடிந்த நாளிலிருந்து மூன்று வருடம் இருக்கிறது.

உங்களுக்கு உத்யம் பதிவு இருக்கிறதா? சரக்கு அனுப்பும் முன்பே பதிவு செய்திருந்தால், 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, தாமதமான பணத்துக்கு ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக, உண்டு. தொழில் வசதி மன்றத்தில் மனுப் போடலாம். அந்தச் சட்டத்தில் உங்களுக்குச் சாதகமான இன்னொன்றும் இருக்கிறது. சரக்கு வந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும். அவர் சொன்னது 26-ஆம் நாள், அதுவும் போனில். ஆனால் மறுவிற்பனை நஷ்டமான 40,000-ஐ அங்கே கொண்டுபோக வேண்டாம், மன்றம் என்பது நீங்கள் சப்ளை செய்த சரக்கின் பணத்துக்கானது, மறுவிற்பனை நஷ்டத்துக்குச் சிவில் கோர்ட்டுதான்.

அவர் இனிப் போன் செய்தால் மரியாதையாகப் பேசுங்கள், ஆனால் பேசியதை அன்றைக்கே இரண்டு வரியில் வாட்ஸ்அப்பில் அவருக்கே எழுதி அனுப்பிவிடுங்கள். "பார்த்துக்கொள்ளலாம், அடுத்த மாதம் கொடுங்கள்" என்று வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள், புதிதாகக் கடன் கொடுத்தீர்கள், பிடியை நீங்களே விட்டுக்கொடுத்தீர்கள் என்று அதைத் திருப்புவார்கள். எல்.ஆர். நகல், ஆர்டர், ரிட்டர்ன் மெமோ மூன்றையும் எனக்கு அனுப்புங்கள். எல்.ஆரில் பெறுபவர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்த பிறகு, இரண்டாவது லோடு பற்றி நான் சொன்னதில் மாற்றம் வேண்டுமானால் உடனே எழுதுகிறேன்.